தம்பி வீடு வாங்க அக்கா தரும் கடன்: புரோநோட்டும் தவணை ஒப்பந்தமும்

திருச்சியில் ஒருவர் 48 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 36 லட்சம் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அவருடைய சேமிப்பு 6 லட்சம். மீதி 6 லட்சத்தை அவருடைய அக்கா கடனாகத் தருகிறார். ஐந்தாண்டுகளில் மாதந்தோறும் திருப்பிக் கொடுப்பது, நூற்றுக்கு மாதம் 50 பைசா வட்டி என்று பேசி முடித்திருக்கிறார்கள். இருவருக்கும் இடையே நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஆயினும் அக்காவின் கணவருக்கும், தம்பியின் மனைவிக்கும், நாளை இருவருடைய பிள்ளைகளுக்கும் இந்தப் பேச்சு காதில் விழுந்தது அவ்வளவுதான். அதன் விவரம் தெரியாது. அது கடனா, அன்பளிப்பா, வீட்டில் பங்குக்காகப் போட்ட முதலா என்ற கேள்வி எப்போது எழுந்தாலும் அதற்கு விடை சொல்ல வேண்டியது காகிதம்தான். அந்தக் காகிதத்தை எப்படி எழுதுவது என்பதை இந்த அக்கா, தம்பி கணக்கை வைத்தே பார்ப்போம்.

முதலில் பணம் கைமாறும் வழி. அக்கா தம் வங்கிக் கணக்கிலிருந்து தம்பியின் கணக்குக்கு அனுப்ப வேண்டும். வீடு விற்பவருக்குத் தம்பி தம் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டும். அலைச்சல் மிச்சம் என்று அக்காவே விற்பவருக்கு நேரடியாக அனுப்பிவிடுவது உண்டு. அப்படிச் செய்தால், வீட்டின் விலையில் ஒரு பகுதியை அக்கா கொடுத்தார் என்பதுதான் வங்கிக் கணக்கில் பதிவாகும். தம்பிக்குக் கடன் கொடுத்தார் என்பது எங்கும் பதிவாகாது. பணம் கொடுத்த காரணத்தால் மட்டும் அக்காவுக்கு வீட்டில் பங்கு வந்துவிடாது. பங்குதான் நோக்கம் என்றால் கிரயப் பத்திரத்திலேயே அவர் பெயர் இருக்க வேண்டும். கடன்தான் நோக்கம் என்றால் பணத்தின் தடமும் கடன் என்றே சொல்ல வேண்டும்.

ரொக்கமாகக் கொடுப்பது இதைவிடப் பெரிய தவறு. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகப் பெறும்போது கணக்கில் மட்டும் செலுத்தத்தக்க காசோலை, வரைவோலை அல்லது மின்னணுப் பரிமாற்றம் வழியாகவே பெற வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. உடன்பிறந்தவர்களுக்கு இதில் விலக்கு இல்லை. மீறினால் பெற்ற தொகை முழுவதற்கும் சமமான அபராதம், பெற்றவர் மீது, விதிக்கப்படலாம். திருப்பிச் செலுத்துவதற்கும் இதே விதி உண்டு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மாதத் தவணை 13,000 ரூபாய்தானே, 20,000-க்குக் குறைவுதானே என்று ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறார்கள். சட்டம் அந்த ஒரு தவணையை மட்டும் பார்ப்பதில்லை. அன்றைய தேதியில் வட்டியோடு சேர்த்து நிற்கும் மொத்தக் கடன் 20,000-ஐ எட்டினாலே, சிறு தவணையையும் வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

இனி நோட்டுக்கு வருவோம். புரோநோட்டு, பிராமிசரி நோட்டு, கடனுறுதிச் சீட்டு என்று பலவாறு சொல்லப்படும் இந்தச் சீட்டின் இலக்கணத்தை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் வகுத்திருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். கடன் பெற்றவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு தொகையை, குறிப்பிட்ட ஒருவருக்கோ அவருடைய உத்தரவு பெற்றவருக்கோ, நிபந்தனை எதுவும் இல்லாமல் கொடுப்பதாக உறுதி சொல்ல வேண்டும். இவற்றில் ‘நிபந்தனை இல்லாமல்’ என்பதே குடும்பங்களில் அதிகம் பிசகும் இடம். ‘பழைய மனையை விற்றதும் தருகிறேன்’ என்றோ ‘சம்பளம் உயர்ந்த பிறகு தருகிறேன்’ என்றோ எழுதினால் அது புரோநோட்டு ஆகாது, ஏனெனில் மனை விற்காமலே போகலாம், சம்பளம் உயராமலே போகலாம். கடனை ஒப்புக்கொண்டதற்கு அது ஓரளவு சான்றாக நிற்கலாம் என்றாலும், நோட்டுக்குச் சட்டம் தரும் தனி வலிமை அதற்குக் கிடைக்காது. கையெழுத்திட்ட நோட்டைக் காட்டினால், அதற்குரிய பணம் கைமாறியது என்றே நீதிமன்றம் தொடக்கத்தில் கொள்ளும். பணம் வரவே இல்லை என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். அந்த வலிமை என்பது இதுதான்.

நம் தம்பி எழுதும் நோட்டு ஏறத்தாழ இப்படி இருக்கலாம். மேலே இடம், தேதி, தொகை. அதன் கீழே அக்காவின் முழுப் பெயரும் முகவரியும், தம்பியின் முழுப் பெயரும் தந்தை பெயரும் முகவரியும். பிறகு வாசகம்: “நான் வீடு வாங்கும் செலவுக்காகத் தங்களிடமிருந்து இன்று வங்கிப் பரிமாற்றம் மூலம் கடனாகப் பெற்றுக்கொண்ட ரூபாய் ஆறு லட்சத்தையும், அதற்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஆறு ரூபாய் வீதம், அவ்வப்போது நிற்கும் அசல் நிலுவை மீது கணக்கிட்ட வட்டியையும், தாங்கள் கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது செலுத்துவதாக உறுதி கூறுகிறேன்.” பரிமாற்றத்தின் எண்ணையும் சேர்த்து எழுதினால் வங்கிக் கணக்கும் நோட்டும் ஒன்றையொன்று காட்டி நிற்கும்.

இந்த வாசகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் அச்சுப் படிவங்கள் பலவற்றில் ‘ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட’ என்று முன்னதாகவே அச்சிட்டிருக்கும். அதை அடிக்காமல் கையெழுத்திட்டால், வங்கி வழியாக வந்த பணத்தை ரொக்கமாக வாங்கியதாகத் தம்பியே எழுதிக்கொடுத்தவர் ஆகிறார். பழைய நோட்டுகளில் தவறாமல் காணப்படும் ‘தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது’ என்ற தொடர் அலங்காரத்துக்காக வந்ததன்று. அந்தச் சொற்கள் இல்லாமல், சாட்சிகளும் கையெழுத்திட்டிருந்தால், முத்திரைச் சட்டத்தின் பார்வையில் அந்தச் சீட்டு வேறொரு வகைக் கடன் பத்திரமாகிவிட இடமுண்டு. அதற்குரிய தீர்வை வேறு. புரோநோட்டுக்குச் சாட்சி கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளை வைப்பது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் சாட்சி வைக்கும்போது இந்தத் தொடர் விடுபடக் கூடாது.

வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் வாங்கப்படுகிறது என்றால், இருவருமே கடன் பெற்றவர்களாகக் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ செலுத்துவதாக எழுதிக் கையெழுத்திடுவது முறை. தம்பி மட்டும் கையெழுத்திட்டால் கடனும் அவர் ஒருவருடையதே.

வட்டியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மாதம் 50 பைசா என்பது ஆண்டுக்கு 6 சதவீதம், அதில் ஐயமில்லை. எதன் மீது 6 சதவீதம் என்பதுதான் கேள்வி. நம் கணக்கில் தம்பி மாதம் 10,000 ரூபாய் அசலைத் தீர்க்கிறார். 60 மாதங்களில் 6 லட்சமும் தீரும். நிலுவை அசல் மீது வட்டி என்றால், முதல் மாதம் 6,00,000-க்கு 3,000 ரூபாய். இரண்டாம் மாதம் 5,90,000-க்கு 2,950. மாதத்துக்கு 50 ரூபாய் வீதம் குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் வெறும் 50 ரூபாய். 60 மாத வட்டியையும் கூட்டினால் 91,500 ரூபாய் வருகிறது. ஆனால் வாய்ப்பேச்சில் ‘ஆறு லட்சத்துக்கு 50 பைசா வட்டி’ என்று மட்டும் விட்டுவிட்டால், முழு அசலுக்கும் ஐந்தாண்டும் மாதம் 3,000 என்று அக்கா வீட்டார் எண்ணியிருக்கலாம். அப்போது வட்டி 1,80,000. ஒரே பேச்சு, இரண்டு கணக்கு, இடையே 88,500 ரூபாய் வேறுபாடு. இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. ‘அவ்வப்போது நிற்கும் அசல் நிலுவை மீது’ என்ற ஐந்து சொற்கள் அந்த வேறுபாட்டை மூடிவிடுகின்றன.

வட்டியே வேண்டாம் என்று அக்கா சொன்னால், நோட்டில் வட்டியைப் பற்றி எதுவும் எழுதாமல் விடுவது இயல்பாகத் தோன்றும். அதுவே ஆபத்து. நோட்டில் வட்டி வீதம் குறிப்பிடப்படாவிட்டால், பணம் செலுத்தப்பட்டிருக்க வேண்டிய நாளிலிருந்து ஆண்டுக்கு 18 சதவீதம் கணக்கிட வேண்டும் என்பது செலாவணி முறிச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு. அன்போடு மௌனமாக விட்ட இடத்தை, பின்னாளில் வழக்கு என்று வந்தால், சட்டம் தன் வீதத்தைக் கொண்டு நிரப்பும். ஆகவே வட்டியில்லாக் கடன் என்றால் ‘இக்கடனுக்கு வட்டி இல்லை’ என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது.

அடுத்து ரெவின்யூ ஸ்டாம்ப். கேட்கும்போது கொடுப்பதாக எழுதும் நோட்டில் தொகை 1,000 ரூபாயைத் தாண்டினால், அது எத்தனை லட்சமானாலும், முத்திரைத் தீர்வை 25 பைசாதான். புரோநோட்டின் தீர்வை வீதம் இந்தியா முழுவதற்கும் ஒன்றே. நடைமுறையில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டுகிறோம். ஒட்டினால் மட்டும் போதாது. கையெழுத்து ஸ்டாம்பின் மீதும் காகிதத்தின் மீதும் படும்படி குறுக்கே செல்ல வேண்டும். அந்த ஸ்டாம்பை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி அப்படிச் செய்யாவிட்டால் ஸ்டாம்ப் ஒட்டாத நோட்டாகவே கருதப்படும். மற்ற பல ஆவணங்களில் தீர்வை குறைந்திருந்தால் நீதிமன்றத்தில் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்த வழி இல்லை. ஸ்டாம்ப் இல்லாத நோட்டைச் சான்றாக ஏற்கவே மாட்டார்கள். ஒரு ரூபாய் ஸ்டாம்ப் இல்லாத காரணத்தால் 6 லட்ச ரூபாய் நோட்டு பேசாமல் கிடக்கும் நிலை வரக்கூடும் என்பதை அக்கா தெரிந்துகொள்ள வேண்டும். தம்பி தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: தொகையோ தேதியோ நிரப்பாத வெற்றுப் படிவத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்ததாகவே சட்டம் கொள்ளும். அக்காவிடம்தானே கொடுக்கிறோம் என்று எண்ணலாம். அந்தப் படிவம் நாளை யார் கையில் இருக்கும் என்பது தெரியாது.

இப்போது ஒரு முரண் கண்ணில் படும். ‘தாங்கள் கேட்கும்போது’ கொடுப்பதாக நோட்டு சொல்கிறது; பேசியதோ ஐந்தாண்டுத் தவணை. தவணையையும் நோட்டிலேயே எழுதிவிடலாமே என்று கேட்கலாம். எழுதலாம், தவணை நோட்டும் செல்லும். ஆனால் அது ‘கேட்கும்போது கொடுக்கும்’ நோட்டு அன்று; அதற்கு 25 பைசா தீர்வை பொருந்தாது, தொகையையும் காலத்தையும் பொறுத்த வேறு வீதம் வரும். இதை அறியாமல் தவணை விவரங்களை நோட்டில் எழுதி, ஒரு ரூபாய் ஸ்டாம்ப் மட்டும் ஒட்டிவிட்டால், தீர்வை குறைந்த நோட்டாகி, மேலே சொன்ன தடையில் போய் முட்டும். எனவே பலரும் பின்பற்றும் வழி, நோட்டைச் சுருக்கமாக வைத்து, தவணை விதிகளைத் தனியாக ஓர் ஒப்பந்தத்தில் முத்திரைத்தாளில் எழுதுவது. ஒப்பந்தத்துக்கான தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது. அதில் எழுதும் வாசகத்தைப் பொறுத்தும் மாறுவது. ஆகையால் அதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடமோ அனுபவமுள்ள ஆவண எழுத்தரிடமோ காட்டி உறுதிசெய்துகொள்வது நல்லது.

அந்த ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. எந்தத் தேதி நோட்டைப் பற்றியது என்பதைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் 10,000 ரூபாய் அசலும் அந்த மாத வட்டியும் அக்காவின் இன்ன கணக்கில் செலுத்தப்படும், முதல் தவணை 10.07.2024, கடைசித் தவணை 10.06.2029 என்று எழுத வேண்டும். தவணைகள் ஒழுங்காக வரும்வரை அக்கா முழுத் தொகையையும் கேட்பதில்லை என்பது தம்பிக்கான காப்பு. தொடர்ந்து மூன்று தவணைகள் தவறினால் நிலுவை முழுவதையும் கேட்கலாம் என்பது அக்காவுக்கான காப்பு. முன்கூட்டியே தீர்க்கலாமா, வேலை போனால் எத்தனை மாதம் பொறுப்பது, இடையிலேயே வீட்டை விற்றால் கடனை முதலில் தீர்ப்பதா என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு வரி போதும். இவற்றை இன்று கேட்பது சங்கடமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வேலை போன மாதத்தில் கேட்பது அதைவிடப் பன்மடங்கு கடினம். வட்டிக் கணக்கோடு 60 தவணைகளையும் ஓர் அட்டவணையாக இணைத்து இருவரும் கையெழுத்திட்டுவிட்டால், எந்த மாதத்திலும் மீதி எவ்வளவு என்று கேட்க வேண்டிய தேவை வராது.

எல்லாவற்றையும் செய்துவிட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் நோட்டின் உண்மையான பகை வேலை செய்யத் தொடங்குகிறது. அது காலவரம்பு. கேட்கும்போது கொடுக்க வேண்டிய நோட்டுக்கு, அது எழுதப்பட்ட தேதியிலிருந்தே மூன்று ஆண்டுகள் ஓடத் தொடங்குகின்றன. அக்கா என்று கேட்டார் என்பது பொருட்டன்று. 10.06.2024 தேதியிட்ட நோட்டின் பேரில் வழக்குத் தொடுக்க 10.06.2027 வரைதான் காலம். நம் கடனோ 2029 வரை ஓடுவது. கூடவே எழுதிய தவணை ஒப்பந்தம் இந்தக் கணக்கை மாற்றுவதாக வாதிடலாம். ஆனால் வாதத்தை நம்பியிருப்பதைவிட, மூன்று ஆண்டைப் புதுப்பித்துக்கொண்டே வருவது பாதுகாப்பு.

புதுப்பிக்கும் வழியை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தனர். நோட்டின் பின்புறம் வரவு வைப்பது. கடனில் ஒரு பகுதியைச் செலுத்தி, செலுத்தியதைக் கடன்பட்டவர் தம் கையால் எழுதியிருந்தாலோ, எழுதியதன் கீழ்க் கையெழுத்திட்டிருந்தாலோ, செலுத்திய நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். பணம் வங்கி வழியாகப் போயிருப்பதால் அதுவே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பணம் போனதற்கு அது சான்று. கடன்பட்டவரின் எழுத்தும் கையெழுத்தும் அதில் இல்லை. இன்னொரு தவறு, கடன் கொடுத்தவரே பின்புறத்தில் தேதியையும் தொகையையும் குறித்து வைப்பது. பழைய நோட்டு ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் பின்புறத்தைத் திருப்பி, ஒவ்வொரு வரவின் கீழும் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். கடன்பட்டவர் கையெழுத்து இல்லையென்றால், அந்த வரவுகள் எத்தனை இருந்தாலும் காலத்தை நீட்டிக்க உதவா.

மாதந்தோறும் வரவு எழுத வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்கோ ஆடிக்கோ வரும்போது எழுதினால் போதும். முதல் ஆண்டு முடிவில் தம்பி எழுதுவது இப்படி இருக்கும்: “10.07.2024 முதல் 10.06.2025 வரை அசலில் ரூ.1,20,000, வட்டி ரூ.32,700 வங்கி மூலம் செலுத்தியிருக்கிறேன். இன்று செலுத்த வேண்டிய மீதி அசல் ரூ.4,80,000.” கீழே தேதியும் கையெழுத்தும். கடைசி வாக்கியம், கடன் இன்னும் நிற்கிறது என்பதைத் தம்பியே எழுத்தில் ஒப்புக்கொள்வது. அப்படிப்பட்ட ஒப்புகையும், கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிய மூன்று ஆண்டுகளைத் தரும். ஆனால் இரண்டுமே பழைய காலவரம்பு முடிவதற்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். முடிந்துவிட்டிருந்தால் வரவு எழுதிப் பயனில்லை. பழைய கடனைத் தருவதாகத் தம்பி புதிதாக எழுத்தில் உறுதி கொடுத்தால்தான் அக்காவுக்கு மீண்டும் உரிமை பிறக்கும்.

வருமான வரியில் தம்பிக்கு ஒரு சலுகை உண்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், தாம் குடியிருக்கும் வீட்டை வாங்கப் பெற்ற கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். கடன் கொடுத்தது வங்கியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. அக்காவிடமிருந்து வட்டிச் சான்று ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கடனின் வட்டியும் இந்த 2 லட்சத்துக்குள்ளேயே அடங்கும். அசலைத் திருப்பிச் செலுத்துவதற்கான கழிவு உறவினர் கடனுக்குக் கிடையாது. அக்கா தாம் பெறும் வட்டியைத் தம் வருமானத்தில் காட்ட வேண்டும்.

நோட்டால் ஆகாதது ஒன்று உண்டு. தம்பி வாங்கிய வீட்டின் மீது அது எந்தப் பிடிப்பையும் அக்காவுக்குத் தராது. மூலப் பத்திரங்கள் வங்கியிடம் இருக்கும். அடமான உரிமையும் வங்கிக்கே. வீட்டை விற்க நேர்ந்தால் வங்கியின் பாக்கி போகத்தான் மற்றவை. தம்பியின் வருமானத்தையும் நேர்மையையும் பார்த்தே அக்கா கொடுக்கிறார் என்பதை அவர் முன்னதாகவே உணர்ந்திருக்க வேண்டும்.

ஐந்தாண்டுகளுக்குள் அக்கா காலமாகிவிட்டால், வர வேண்டிய கடன் அவருடைய சொத்தாகி வாரிசுகளுக்குச் சேரும். தம்பி மனமுவந்து அவர்களிடம் கொடுத்தால் சிக்கலில்லை, எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்துப் பெற்றுக்கொண்டு கொடுப்பது மட்டும் முக்கியம். வழக்கு வரை போனால், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் போதாது. நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்று வேண்டும். தம்பி காலமானால், அவர் விட்டுச்செல்லும் சொத்தின் அளவுக்கு அவருடைய வாரிசுகள் பொறுப்பாவார்கள்.

2029 ஜூன் 10 அன்று கடைசித் தவணையாக 10,050 ரூபாய் போய்ச் சேர்ந்ததும், தம்பி அக்காவிடமிருந்து அசல் நோட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் குறுக்கே ‘அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டேன், கணக்குத் தீர்ந்தது’ என்று அக்கா தம் கையால் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். நோட்டு எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை என்றால், நோட்டின் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு, அது தொலைந்துவிட்டது, அதன் பேரில் இனி எந்தப் பாக்கியும் இல்லை, பின்னால் கிடைத்தாலும் செல்லாது என்று அக்கா எழுதிக் கையெழுத்திட்ட ரசீதைத் தம்பி வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும்.